புகைப்படத்தில் ஒரு மின்தடையம்: வண்ண வளையங்களைப் பிழையின்றிப் படிப்பது எப்படி?

சில வாரங்களுக்கு முன்பு, இரவு எட்டு மணிக்கு என் கைப்பேசிக்குப் புலனத்தில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் இரண்டாம் படிவ மாணவி. சுங்கை சிப்புட் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த ஓர் இடத்தில் அவர் குடும்பம் வசிக்கிறது. மறுநாள் ஆர்பிடி பாடத்தில் ஒரு சிறிய விளக்குச் சுற்றை இணைத்துக் காட்ட வேண்டும். 9 வோல்ட் மின்கலம், ஒரு சிவப்பு எல்இடி விளக்கு, ஒரு மின்தடையம், அவ்வளவுதான்.

படத்துக்குக் கீழே ஒரு வரி: "டீச்சர், இது மஞ்சள், பழுப்பு, பழுப்பு, தங்கம். அப்படியென்றால் 410 ஓம். போடலாமா?"

"போடாதே. அப்படி ஒரு மின்தடையமே கடையில் கிடைக்காது" என்று பதில் அனுப்பினேன். அவருக்கு வியப்பு. படத்தைப் பார்த்தவுடனேயே டீச்சருக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விதி

மின்தடையம் அரிசியைவிடச் சற்றுப் பெரிய ஓர் உருளை. அதன் மேல் எண்ணை அச்சடித்தால், பலகையில் பற்றவைக்கும்போது எண் அடிப்பக்கம் போய்விடலாம். வளையம் உருளையைச் சுற்றி ஓடுவதால் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். எண்ணுக்குப் பதிலாக வண்ணம் வந்ததற்கு அதுவே காரணம். இன்று உலகம் முழுவதும் பின்பற்றப்படும் முறை, ஐஇசி 60062 என்ற அனைத்துலகத் தரத்தில் எழுதப்பட்டுள்ளது.

ஒவ்வொரு வண்ணமும் ஓர் எண்ணைக் குறிக்கும். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. மனப்பாடம் செய்யச் சிரமமாக இருந்தால் நடுவிலுள்ள ஆறு நிறங்களைப் பாருங்கள். சிவப்பிலிருந்து ஊதா வரை அவை வானவில்லின் வரிசையிலேயே நிற்கின்றன. அதற்கு முன்னால் இருண்ட இரண்டு நிறங்கள், பின்னால் வெளிறிய இரண்டு நிறங்கள்.

நான்கு வளையங்கள் இருந்தால் முதல் இரண்டும் இலக்கங்கள். மூன்றாவது, அந்த இலக்கங்களுக்குப் பின்னால் எத்தனை சுழியம் சேர்க்க வேண்டும் என்று சொல்லும். நான்காவது வளையம் விலகல் வரம்பு. ஆங்கிலத்தில் இதை டாலரன்ஸ் என்பார்கள். தங்கம் என்றால் 5 விழுக்காடு, வெள்ளி என்றால் 10 விழுக்காடு. அதாவது, சொன்ன மதிப்பிலிருந்து உண்மையான மதிப்பு அந்த அளவு கூடவோ குறையவோ இருக்கலாம்.

மஞ்சள், ஊதா, பழுப்பு, தங்கம் என்ற வரிசையைப் படித்துப் பார்ப்போம். 4, 7, பின்னால் ஒரு சுழியம்: 470 ஓம். அதில் 5 விழுக்காடு 23.5 ஓம். எனவே நல்ல நிலையில் உள்ள அந்த மின்தடையத்தின் உண்மையான மதிப்பு 446.5 ஓமுக்கும் 493.5 ஓமுக்கும் இடையில் எங்காவது இருக்கும்.

410 ஏன் இல்லை?

இனி மாணவியின் படத்துக்கு வருவோம். தொழிற்சாலைகள் எல்லா எண்களுக்கும் மின்தடையம் செய்வதில்லை. 5 விழுக்காடு விலகல் உள்ளவற்றில் முதல் இரண்டு இலக்கங்களாக 24 எண்கள் மட்டுமே வரும்:

10, 11, 12, 13, 15, 16, 18, 20, 22, 24, 27, 30, 33, 36, 39, 43, 47, 51, 56, 62, 68, 75, 82, 91.

இது ஏதோ சோம்பலால் வந்த பட்டியல் அன்று. 43 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 5 விழுக்காடு கூட்டினால் 45.15. அடுத்த எண்ணான 47இல் 5 விழுக்காடு கழித்தால் 44.65. பார்த்தீர்களா, இரண்டின் எல்லைகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. நடுவில் 45 என்று ஒன்றைத் தனியாகச் செய்தால், அதன் வரம்புக்குள் வரும் மின்தடையங்கள் ஏற்கெனவே 43 என்றோ 47 என்றோ விற்கப்படுபவையாகவே இருக்கும். விலகல் வரம்புதான் பட்டியலின் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அதனால் வளையத்தைப் படிக்கும்போது இந்தப் பட்டியல் நமக்கு ஓர் இலவசச் சோதனையாகிறது.

பட்டியலில் 4 என்று தொடங்குபவை இரண்டே இரண்டு: 43, 47. மாணவி சொன்ன 41 அங்கே இல்லை. ஆகவே அவர் கண்ட இரண்டு நிறங்களில் ஒன்று தவறு.

எது தவறு? முதல் வளையத்தை முதலில் சோதித்தேன். நல்லவேளையாக, அதே மேசையில் மஞ்சள் உறை போட்ட ஒரு மின்கம்பி கிடந்தது. அதுவும் படத்தில் விழுந்திருந்தது. முதல் வளையமும் அந்தக் கம்பியும் ஒரே சாயலில் இருந்தன. ஒரே விளக்கொளியில், ஒரே படத்தில் இரண்டும் ஒத்துப்போவதால் முதல் வளையம் மஞ்சள்தான். அப்படியானால் இரண்டாவது வளையம் ஆரஞ்சாகவோ ஊதாவாகவோ இருக்க வேண்டும். படத்தில் அது இருண்டு தெரிந்தது. ஆரஞ்சு அவ்வளவு இருளாது. எனவே அது ஊதா, எண் 47.

ஊதா எப்படிப் பழுப்பானது? வீட்டில் எரிந்தது மஞ்சள் ஒளி தரும் குண்டு விளக்கு. அந்த ஒளியில் நீலப் பகுதி மிகக் குறைவு. ஊதாச் சாயம் சிவப்பையும் நீலத்தையும் சேர்த்துப் பிரதிபலிப்பதால்தான் ஊதாவாகத் தெரிகிறது. பிரதிபலிக்க நீலம் இல்லாதபோது மங்கிய சிவப்பு மட்டும் மிஞ்சும். மங்கிய சிவப்பைத்தான் நம் கண் பழுப்பு என்கிறது. கைப்பேசிக் கேமரா வெண்மையைத் தானாகச் சரிசெய்ய முயலும். ஆனால் ஒளியிலேயே இல்லாத நிறத்தை அது கொண்டுவர முடியாது.

மூன்றாவது வளையமே ஆபத்தானது

47 என்று கண்டுபிடித்துவிட்டோம். வேலை முடிந்ததா? இல்லை. உண்மையான சிக்கல் மூன்றாவது வளையத்தில் இருக்கிறது.

அதை மாணவி பழுப்பு என்றார். ஆனால் அந்த மஞ்சள் ஒளியில் ஊதாவே பழுப்பாகத் தெரிந்ததை இப்போதுதான் பார்த்தோம். மூன்றாவது வளையம் ஊதாவாக இருந்தால் ஏழு சுழியம் சேர்க்க வேண்டும். அது 470 மில்லியன் ஓம். பள்ளிப் பெட்டியில் அப்படி ஒன்று இருக்க வாய்ப்பில்லை. ஆனால் கறுப்பும் சிவப்பும் அப்படி ஒதுக்கக்கூடியவை அல்ல. கறுப்பு என்றால் 47 ஓம், பழுப்பு என்றால் 470 ஓம், சிவப்பு என்றால் 4700 ஓம். மூன்றும் பட்டியலில் உள்ளவை, மூன்றும் கடையில் கிடைப்பவை. எனவே இங்கே பட்டியல் உதவாது.

இதனால் என்ன ஆகும் என்று கணக்கிடுவோம். சிவப்பு எல்இடி ஒளிரும்போது தோராயமாக 2 வோல்ட் அதன் குறுக்கே நிற்கும். மீதி 7 வோல்ட் மின்தடையத்தின் பங்கு. ஓம் விதிப்படி மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்.

470 ஓம் என்றால் 7 ÷ 470, ஏறக்குறைய 15 மில்லி அம்பியர். நாம் பள்ளியில் பயன்படுத்தும் சாதாரண எல்இடி 20 மில்லி அம்பியர் வரை தாங்கும் என்பதால் இது பொருத்தமான அளவு. 4700 ஓம் என்றால் ஏறக்குறைய 1.5 மில்லி அம்பியர். விளக்கு மங்கலாக எரியும், எதுவும் கெட்டுப்போகாது. 47 ஓம் என்றால் கணக்குப்படி ஏறக்குறைய 149 மில்லி அம்பியர். எல்இடி ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, அதோடு முடிந்துவிடும்.

இதிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள். நான்காவது வளையத்தைத் தவறாகப் படித்தால், தங்கத்துக்குப் பதில் வெள்ளி என்று எண்ணினால், 5 விழுக்காடு 10 விழுக்காடாகும். இந்தச் சுற்றில் அது தெரியக்கூட தெரியாது. இரண்டாவது வளையம் தவறினால் மதிப்பு சற்று மாறும். மூன்றாவது தவறினால் மதிப்பு பத்து மடங்கு மாறும். எனவே சந்தேகம் வந்தால் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் மூன்றாவது வளையம்.

ஆகவே அன்றிரவு நான் விடை சொல்லவில்லை. "காலையில் பள்ளிக்குப் புறப்படும் முன் இன்னொரு படம் எடுத்து அனுப்பு" என்றேன். எப்படி எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். மின்தடையத்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துச் சன்னலோரம் கொண்டு போக வேண்டும். நேர் வெயில் வேண்டாம், பகல் வெளிச்சம் போதும். கேமராவின் மின்னல் விளக்கை அணைத்துவிட வேண்டும். மின்தடையத்தின் மேல் பளபளப்பான பூச்சு இருப்பதால் மின்னல் பட்ட இடம் வெள்ளைக் கோடாகி, வளையத்தை மறைத்துவிடும். கைப்பேசியை மிக அருகில் கொண்டு போனால் படம் கலங்கும். சற்றுத் தள்ளிப் பிடித்துப் பெரிதாக்கி எடுப்பது நல்லது. மதிப்பு நிச்சயமாகத் தெரிந்த இன்னொரு மின்தடையம் இருந்தால் அதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். மஞ்சள் கம்பி செய்த வேலையை அது இன்னும் நன்றாகச் செய்யும்.

காலைப் படத்தில் தாள் வெள்ளையாகவே தெரிந்தது. தாள் வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களையும் நம்பலாம். இரண்டாவது வளையம் தெளிவான ஊதா. மூன்றாவது பழுப்பு. பள்ளியில் மல்டிமீட்டரை 2000 ஓம் அளவுக்குத் திருப்பி அளந்தோம், 466 காட்டியது. 446.5க்கும் 493.5க்கும் நடுவில்தான் இருக்கிறது. சுற்றை இணைத்தார், விளக்கு எரிந்தது.

ஐந்து வளையம்: எந்தப் பக்கத்திலிருந்து?

அதே வகுப்பில் இன்னொரு மாணவர் ஒரு நீல நிற மின்தடையத்தைக் கொண்டு வந்தார். மங்கிய மஞ்சள் உடல் கொண்ட கரிப்படல மின்தடையங்களில் பெரும்பாலும் நான்கு வளையங்கள் இருக்கும். நீல உடல் கொண்டவை பெரும்பாலும் உலோகப்படல வகை. அவற்றில் ஐந்து வளையங்கள் இருக்கும். அங்கே முதல் மூன்றும் இலக்கங்கள், நான்காவது சுழியங்களின் எண்ணிக்கை, ஐந்தாவது விலகல் வரம்பு. ஐந்தாவது பழுப்பாக இருந்தால் 1 விழுக்காடு.

தங்க வளையம் உள்ளதில் திசைக் குழப்பம் வராது. தங்கம் ஓர் இலக்கமன்று; அது முதல் வளையமாக வரவே முடியாது. ஆனால் பழுப்பு 1 என்ற இலக்கமாகவும் வரலாம், 1 விழுக்காடாகவும் வரலாம். குழப்பம் அங்கேதான்.

மாணவர் கொண்டு வந்ததன் வளையங்கள் இவை: பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. இடமிருந்து படித்தால் 1, 0, 0, பின்னால் இரண்டு சுழியம்: 10,000 ஓம். வலமிருந்து படித்தால் பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு: 1, 2, 0, பின்னால் சுழியம் இல்லை. 120 ஓம். இரண்டு விடையும் கடையில் கிடைக்கும் மதிப்புகள், இரண்டிலும் விலகல் 1 விழுக்காடு. பட்டியல் சோதனை இங்கே கைவிட்டுவிடும்.

விலகல் வளையம் மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளியோ சற்று அகலமாகவோ இருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். அந்த இடைவெளியைத்தான் முதலில் தேட வேண்டும். ஆனால் சிறிய மின்தடையங்களில் இடம் போதாமல் வளையங்கள் ஏறக்குறைய சம இடைவெளியில் வந்துவிடுகின்றன. படம் சற்றுச் சாய்ந்திருந்தால் ஒரு முனையிலுள்ள இடைவெளி சுருங்கித் தோன்றும். அதனால் திசையை முடிவு செய்ய வேண்டிய படத்தை நேர் மேலிருந்து எடுக்க வேண்டும்.

சில வேளை, தவறான திசை தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். 1 விழுக்காடு வகை 470 ஓம் மின்தடையத்தின் வளையங்கள் மஞ்சள், ஊதா, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. இதைத் திருப்பிப் படித்தால் 1, 0, 0, பின்னால் ஏழு சுழியம். அதாவது 100 கோடி ஓம். இப்படி ஒரு பதில் வந்தால் மின்தடையத்தைத் திருப்பிப் பிடியுங்கள். ஆனால் 10,000மா 120ஆ என்ற கேள்வியில் இரண்டுமே நம்பத்தக்கவை. அங்கே மல்டிமீட்டர் ஒரு நொடியில் தீர்ப்பு சொல்லிவிடும். எங்களுக்கு 9.98 கிலோ ஓம் காட்டியது. 10,000 ஓமில் 1 விழுக்காடு 100 ஓம். 9,900க்கும் 10,100க்கும் நடுவில் அது இருக்கிறது.

இன்னொன்று. நீல உடலின் மேல் பூசிய பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் நீல மின்தடையத்தைப் படத்தை மட்டும் நம்பிச் சுற்றில் போடாதீர்கள்.

வளையம் சரி, மின்தடையம் தவறு

கடைசியாக, நிறத்தை முற்றிலும் சரியாகப் படித்தும் விடை தவறாகும் ஒரு நிலை உண்டு.

நம் மாணவியின் தாத்தா தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் வாங்கிய பழைய டிரான்சிஸ்டர் வானொலி ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. ஒலி மிகவும் மெலிந்துபோய், ஓரமாகக் கிடந்தது. விளக்கு எரிந்த உற்சாகத்தில் அதையும் பள்ளிக்குக் கொண்டு வந்தார். மின்கலங்களைக் கழற்றிவிட்டுத் திறந்தோம். உள்ளே தடித்த பழுப்பு உடலுடன் ஒரு மின்தடையம்: பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளி. அதாவது 10,000 ஓம், விலகல் 10 விழுக்காடு. 9,000 முதல் 11,000 வரை இருக்கலாம்.

பலகையில் இருந்தபடியே அளந்தபோது மல்டிமீட்டர் 6,000 சொச்சம் காட்டியது. "கெட்டுப்போச்சா டீச்சர்?" என்றார். அவசரப்படக்கூடாது. பலகையில் மற்ற பாகங்களும் அதனோடு பக்க இணைப்பில் இருக்கின்றன. அவற்றின் வழியாகவும் மின்னோட்டம் செல்வதால் அளவு குறைந்தே காட்டும். 470 ஓமுக்குப் பக்க இணைப்பில் 1000 ஓம் இருந்தால்கூட மல்டிமீட்டர் ஏறக்குறைய 320 ஓம்தான் காட்டும். எனவே மின்தடையத்தின் ஒரு காலையாவது பலகையிலிருந்து கழற்றிய பிறகே அளக்க வேண்டும்.

காலைக் கழற்றி அளந்தோம். 13,200 ஓம். இப்போது அது உண்மையாகவே வரம்பைத் தாண்டியிருந்தது. கரித்தூளையும் பசையையும் அழுத்திச் செய்யும் பழைய வகை மின்தடையம் அது. இவ்வகை ஆண்டுக்கணக்கில் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் வாங்கினால் மதிப்பு மெல்ல ஏறுவது வழக்கம். நம் பேராக்கின் ஈரக்காற்றில் அது எத்தனை ஆண்டுகள் இருந்ததோ! வளையங்கள் மட்டும் புதிதுபோல் இருந்தன. அவை சொல்வது, தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளில் அந்த மின்தடையம் எப்படி இருக்க வேண்டும் என்பதை. இன்று எப்படி இருக்கிறது என்பதை அவற்றால் சொல்ல முடியாது.

சில வேளை வளையமே மாறியிருக்கும். அளவுக்கு மீறிச் சூடேறிய மின்தடையத்தில் சிவப்பு பழுப்பாகும், பழுப்பு கறுப்பாகும். உடலின் நடுப்பகுதி கருகியிருந்தாலோ பூச்சு வெடித்திருந்தாலோ அந்த நிறங்களை நம்பாதீர்கள். சுற்றின் வரைபடத்தில் என்ன மதிப்பு எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே சரியான வழி.

ஓர் எச்சரிக்கை. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் பழைய வானொலி, தொலைக்காட்சி போன்றவற்றைத் திறக்காதீர்கள். இணைப்பைத் துண்டித்த பிறகும் அவற்றின் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். மின்கலத்தில் ஓடும் சிறு கருவிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த வானொலிக்குப் புதிய 10,000 ஓம் மின்தடையம் ஒன்றை மாற்றினோம். ஒலி முழுமையாகத் திரும்பவில்லை. வேறு பாகங்களும் தேய்ந்திருக்கின்றன. மாணவி இப்போது ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். எல்லாமே சன்னலோரத்தில், வெள்ளைத் தாளின் மேல், பக்கத்தில் அந்த 470 ஓம் மின்தடையத்தை வைத்து எடுத்த படங்கள்.